கிராம அலுவல்முறையும் சீர்திருத்தக் குழுக்களும்

சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் வெள்ளாற்றங்கரையில் அமைந்தது சேத்தியாத்தோப்பு. அதன் தென்பால் வீராணம் ஏரி நெடிது கிடக்கின்றது. கொள்ளிடத்தில் 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வரும் நீர் இவ்வேரியை நிரப்புகின்றது. ஏரி நீர் சூழவுள்ள ஊர்களின் நன்செய்களுக்குப் பாய்கின்றது. இவ்வட்டாரத்து உழவர் ஒருவரின் ஆண்டு வரவு மழையையும் ஏரியையும் மட்டும் சார்ந்ததன்று. அடங்கல் என்னும் ஏட்டில் அவர் நிலத்திற்கு நேரே எழுதப்படும் ஓரிரு சொற்களையும் அது சார்ந்திருந்தது. அவ்வேட்டை எழுதியவர் ஊர்க் கணக்கர். தண்டல் செய்தவர் கிராம முன்சீப் என்னும் மணியக்காரர். இவ்விருவரின் பதவியைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாக அரசுகள் ஆராய்ந்தன, குழுக்கள் அமைத்தன, அறிக்கைகள் பெற்றன. ஆயினும் அப்பதவி 1980ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்தது. சீர்திருத்தக் குழுக்கள் ஏன் அமைக்கப்படுகின்றன, அவை கூறும் பரிந்துரைகளுள் பல ஏன் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன என்னும் வினாக்களுக்கு விடை காண, இவ்வொரு பதவியின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அப்பதவியின் ஆற்றல் எத்தகையது என்பதை உணர்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நன்செய் உடைய ஒருவர் சம்பா நட்டார் என்க. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழை பெய்து, வெள்ளாறு பெருகி, வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகிற்று. தீர்வைக் குறைப்பாகிய வசா அவருக்குக் கிடைத்தல் வேண்டுமாயின், அழிவு கிராமக் கணக்கில் ஏறியிருத்தல் வேண்டும். கணக்கர் வயலைப் பார்த்து, புல எண்ணுக்கு நேரே பயிரின் பெயரையும் விளைச்சலின் நிலையையும் எழுதுவார். வருவாய் ஆய்வாளர் அதனைச் சரிபார்ப்பார். பசலி ஆண்டின் இறுதியை ஒட்டி நடைபெறும் சமாபந்தியில் மேலதிகாரி ஏட்டை நோக்கி ஒப்பமிடுவார். இங்ஙனம் மூன்று நிலைகள் இருப்பினும், வயலை நேரே கண்டு எழுதியவர் முதல்வர் ஒருவரே. மற்றையோர் நூற்றுக்கணக்கான புலங்களுள் சிலவற்றை மட்டுமே சென்று காண இயலும். ஆகவே முதலில் எழுதிய சொல்லே பெரும்பாலும் முடிந்த சொல்லாயிற்று. நிலத்தை உண்மையில் உழுபவர் குத்தகையாளரா, உடையவரா என்பதும் அதே ஏட்டின் ஒரு பத்தியில் அடங்கிற்று. நீதிமன்றத்தில் அனுபோகத்திற்குச் சான்றாகக் காட்டப்பட்டதும் அதுவே. எழுதுகோல் ஒருவர் கையிலும் அதனால் வரும் நன்மை தீமை ஊரார் அனைவர் தலையிலும் இருந்த நிலை இதுவாகும்.

இனி, குழுக்கள் அமைக்கப்படும் காரணத்தை நோக்குவாம். சென்னை மாகாணத்தின் வரலாற்றில் இதற்குத் தெளிவான தொடக்கச் சான்று ஒன்றுண்டு. 1852ஆம் ஆண்டு காசுலு இலட்சுமிநரசுச் செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னைச் சுதேசிச் சங்கம், குடிகள் படும் துன்பங்களை எடுத்துரைத்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு முறையீடு அனுப்பிற்று. வரி தண்டுவதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கின்றனர் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. விரல்களை இறுக்கும் கிட்டி, தலையைக் காலோடு தாழ்த்திக் கட்டும் அண்ணாந்தாள் ஆகிய கொடுமைகள் பேசப்பட்டன. சென்னை சென்று திரும்பிய டான்பி சீமர் என்னும் உறுப்பினர் 1854ஆம் ஆண்டில் மக்களவையில் இதனை எழுப்பினார். கும்பினி ஆட்சியின் சார்பில் பேசியோர் அதனை மறுத்தனர். அங்ஙனம் மறுப்புக்கும் குற்றச்சாட்டுக்கும் இடையே முடிவு காணவேண்டிய நெருக்கடியில்தான், அவ்வாண்டே சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், சான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆய்வுக்குழுவை அமைத்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து குழு அமைப்பதன் காரணங்கள் மூன்று புலனாகின்றன. ஒன்று, அரசுக்கு உண்மை தெரியாமை. மாவட்ட ஆட்சியர்களுக்குச் செய்தி தருபவர் எவரோ, அவர்களே குற்றஞ்சாட்டப்பட்டவர்களாயினர். ஆதலின் வழக்கமான வழியில் உண்மை மேலே வாராது. அதற்குப் புறம்பான வழி ஒன்று வேண்டியதாயிற்று. இரண்டு, பொறுப்பைப் பகிர்தல். பாராளுமன்றத்தில் மறுத்துப் பேசிய ஆட்சி, தன் சொல்லைத் தானே மாற்றிக்கொள்வதினும், ஒரு குழுவின் சொல்லைக் கேட்டு மாற்றிக்கொள்வது எளிது. மூன்று, காலம் பெறுதல். ஆய்வு நடைபெறுங்கால், 'ஆய்வு நடைபெறுகின்றது' என்பதே எதிர்ப்பார்க்கு விடையாகிவிடும். இம்மூன்றனுள் எது மேலோங்கியதோ அதற்கேற்ப அறிக்கையின் பின்விளைவும் அமைகின்றது. உண்மையை அறியும் பொருட்டு அமைந்த குழுவின் அறிக்கை உடனே படிக்கப்படும். காலம் பெறும் பொருட்டு அமைந்ததன் பயன், அறிக்கை வருமுன்னரே நிறைவேறிவிடுகின்றது.

அக்குழு 1855ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. வருவாய் தண்டுதற்கும் குற்ற ஒப்புதல் பெறுதற்கும் சித்திரவதை வழக்கில் உள்ளது என அது உறுதி செய்தது. அதன் காரணமாக அது சுட்டியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்கு விதி தாசில்தாரைக் காவல் தலைவராகவும், ஊர்த் தலைவரை ஊர்க்காவலராகவும் ஆக்கியிருந்தது. சிறு குற்றத்திற்கு ஒருவரைப் பன்னிரண்டு மணி நேரம் சாவடியில் அடைத்துவைக்கும் உரிமை ஊர்த் தலைவருக்கு இருந்தது. வரி தராதவரை அச்சுறுத்தற்கு இதனினும் வேறு கருவி வேண்டியதில்லை. ஆதலின் காவலை வருவாய்த் துறையினின்றும் பிரித்தல் வேண்டும் என்பது பெறப்பட்டது.

இப்பரிந்துரை ஏட்டில் உறங்கவில்லை. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்குத் தனிக் காவற்படை அமைந்தது. மாவட்டந்தோறும் காவற் கண்காணிப்பாளரும் அவர்களுக்கு மேலே தலைமை அலுவலர் ஒருவரும் ஏற்பட்டனர். இத்துணை விரைவின் காரணம் யாது? 1857ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின்னர் ஒழுங்கான காவற்படை ஒன்று ஆட்சிக்கே தேவைப்பட்டது. இச்சீர்திருத்தம் பதவிகளைக் குறைக்கவில்லை. புதிய பதவிகளைப் படைத்தது. தாசில்தார் காவல் அதிகாரத்தை இழந்தாராயினும், அவர் அரசு ஊதியம் பெறுபவர். மறுத்து நிற்க வலியற்றவர். பரிந்துரையின் அறம், ஆள்வோரின் தேவை, இழப்பவரின் மெலிவு ஆகிய மூன்றும் இங்கே ஒருங்கு கூடின.

ஆயினும் அச்சீர்திருத்தம் ஊர் எல்லையில் நின்றுவிட்டது என்பதை மறத்தலாகாது. வட்டத்தில் பிரிக்கப்பட்ட இரு அதிகாரங்களும் ஊரில் ஒருவர் கையிலேயே தொடர்ந்தன. கிராம முன்சீப் தீர்வையும் தண்டினார். இறப்பு, குற்றம் முதலியவற்றைக் காவல் நிலையத்திற்கும் அறிவித்தார். தலையாரியும் வெட்டியானும் அவர் ஏவலின் கீழ் இருந்தனர். சித்திரவதையின் வேரெனக் குழு கண்ட சேர்க்கை, கிளையில் வெட்டப்பட்டு வேரில் விடப்பட்டது எனலாம். காரணம் தெளிவு. ஊர்தோறும் ஊதியம் பெறும் இருவரை வைத்தற்கு அரசிடம் பணமில்லை. முன்னாளில் மானிய நிலமும் மேரையுமாகப் பெற்று வாழ்ந்த ஊர் அலுவலர்க்கு, பின்னர்க் கிராம வரியிலிருந்து சிறு தொகை தரப்பட்டது. இதற்கென 1864ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. குறைந்த செலவில் நடைபெறும் ஒன்றை நிறுத்துவதற்கு எவ்வரசும் விரைவதில்லை.

விரையாமை மட்டுமன்று, அரசு அம்முறையைச் சட்டத்தால் இறுக்கவும் செய்தது. 1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிச் சட்டம், பதவி காலியானால் முன்னவரின் குடும்பத்திலிருந்தே தகுதியுடையாரைத் தேர்ந்து அமர்த்துதல் வேண்டும் என விதித்தது. வாரிசு சிறுவனாயின் அவன் பெயரைப் பதிவு செய்து, அவன் வளரும் வரை வேறொருவர் அவனுக்காகப் பதவி பார்க்கலாம். ஊர்க்கணக்கு என்பது அரசின் வேலையாக இருந்தும் குடும்பச் சொத்தின் இயல்பைப் பெற்றது. கணக்கேடுகள் கணக்கர் வீட்டிலேயே பெரும்பாலும் இருந்தன. எந்தப் புலத்தின் எல்லை எங்கே, எந்த மதகு யாருக்கு உரியது, எவர் பட்டா எவருடைய பாட்டனிடமிருந்து வந்தது என்பனவெல்லாம் அவ்வீட்டாரின் நினைவிலும் இருந்தன. இந்நினைவே அவர்தம் உண்மையான வலிமை. பிற்காலச் சீர்திருத்தக் குழுக்கள் எதிர்ப்பட்ட பெருந்தடை இதுவே என்பது என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றொரு குழு இவ்வழியே வந்தது. காப்கவுசைத் தலைவராகக் கொண்ட அதிகாரப் பரவல் அரச ஆய்வுக்குழு 1907 முதல் 1909 வரை பணியாற்றி, ஊராட்சிகளைப் படிப்படியாக உயிர்ப்பித்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஊர்த் தலைவரைச் சூழ்ந்தே அவ்வூராட்சி அமையலாம் என்பது அக்குழுவின் எண்ணமாக இருந்தது. அரசுகள் தயங்கின. சென்னையில் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது 1920ஆம் ஆண்டில்தான். இங்கே நோக்கவேண்டுவது காலத்தாழ்வு மட்டுமன்று. ஊரை முன்னேற்றக் கருதிய குழுவும் முன்னிருந்த அலுவலரையே துணையாக நாடிற்று. பதவியின் பிறப்புரிமையைத் தொடாமல் அதன்மேல் புதுமையை ஏற்ற முயன்றது. பழைய தூணின்மேல் புதிய உத்தரம் வைப்பார் தூணின் வலிமையைக் கூட்டுவரேயன்றிக் குறைப்பதில்லை.

மாறுதலின் முதல் அடி எந்தக் குழுவின் அறிக்கையிலிருந்தும் வரவில்லை, நீதிமன்றத்திலிருந்து வந்தது. குண்டூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் முன்சீப் பதவி பற்றிய வழக்கில், 1960ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. கிராமப் பதவி அரசின் கீழுள்ள அலுவலே. பிறப்பு வழியைக் காரணமாகக் கொண்டு பிறரை விலக்குதல் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புக்கு மாறானது. ஆதலின் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் பரம்பரைப் பிரிவு செல்லாது என அது முடிவு கூறிற்று. இதன் பின்னரும் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் சென்னையில் வருதற்கு எட்டாண்டுகள் ஆயின. 1968ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் அவ்வாண்டு திசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1970ஆம் ஆண்டில் கிராம அலுவலர் பணி விதிகள் இயற்றப்பட்டன. பிறப்புரிமை நீங்கிற்று. ஆயின் பகுதி நேரப் பணி நீங்கவில்லை. இருந்த மனிதரும் நீங்கவில்லை. சொந்த ஊரில் நிலபுலம் உடைய ஒருவர், தம் வேளாண்மைக்கு இடையே, தம் உறவினரும் பகைவருமாகிய அயலார் நிலங்களுக்குக் கணக்கெழுதும் நிலை அப்படியே இருந்தது.

இந்நிலையில்தான் தமிழ்நாட்டரசு நிருவாகச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் ஆர். ஏ. கோபாலசாமி, இந்திய ஆட்சிப் பணியின் முன்னோடியான ஐ.சி.எசு. வகுப்பைச் சார்ந்தவர், 1951ஆம் ஆண்டின் மக்கட்கணக்கெடுப்பை நடத்தியவர். 1973ஆம் ஆண்டை ஒட்டி அக்குழு கிராம நிருவாகம் பற்றிக் கூறிய பரிந்துரை சுருக்கமும் தெளிவும் உடையது. பகுதி நேரக் கிராம அலுவலரை நீக்கி, அவர்க்கு மாற்றாக முழு நேரமும் பணியாற்றும், இடமாற்றத்திற்கு உட்பட்ட அரசு அலுவலரை அமர்த்தி, அவர்களைத் தனியொரு பணிவகுப்பாக அமைத்தல் வேண்டும் என்பதே அது. 1855ஆம் ஆண்டுக் குழு வட்டத்தோடு நிறுத்திய வேலையை ஊர் வரை கொண்டு செல்லும் பரிந்துரை இதுவெனலாம்.

அறிவினால் இப்பரிந்துரையை மறுத்தற்கு இடம் அரிது. அங்ஙனமாகவும் அது செயலாதற்கு ஏழாண்டுகள் சென்றன. இத்தாழ்வுக்கு அரசியல் மாறுதல்கள் ஒரு காரணமாதல் கூடும். 1976ஆம் ஆண்டு சனவரி இறுதியில் மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டில் புதிய ஆட்சி வந்தது. அதுவும் 1980ஆம் ஆண்டு பெப்ருவரியில் கலைக்கப்பட்டது. ஆயினும் ஆட்சி மாற்றம் ஒன்றே காரணமாயின், இடைப்பட்ட அமைதியான ஆண்டுகளில் அது நிறைவேறியிருத்தல் வேண்டும். தடைகள் பரிந்துரையின் இயல்பிலேயே இருந்தன. அவற்றைத் தனித்தனியே நோக்குவாம்.

முதலாவது செலவு. பகுதி நேர அலுவலருக்குத் தரும் சிறு தொகைக்கு மாறாக, முழு ஊதியமும் படியும் ஓய்வூதியமும் உடைய பணிவகுப்பு ஒன்றை ஏற்படுத்துதல் ஆண்டுதோறும் தொடரும் சுமையாகும். நிதித்துறை ஒரு பரிந்துரையை மறுப்பது அரிது. 'நிதிநிலை இடந்தரும்போது' என எழுதி வைப்பதே வழக்கம். அவ்வெழுத்துக்கு முடிவு நாள் இல்லை.

இரண்டாவது, செயற்படுத்துவோர் யாவர் என்னும் வினா. நிலத்தீர்வை தண்டுதலும் கணக்கு எழுதுதலும் கிராம அலுவலர் வழியே நடைபெறுகின்றன. அவர்களை நீக்கப்போவதாக அரசு முன்கூட்டி அறிவித்தால், அறிவித்த நாளிலிருந்து நீக்கும் நாள் வரை தண்டலை நடத்துவோர் யார்? ஏடுகள் அவர்தம் வீடுகளில் உள்ளன. சமாபந்திக்கு அவற்றைக் கொணர்வோரும் அவரே. ஒரு பசலியின் நடுவில் அவர்கள் மனம் மாறினால், மாவட்டத்தின் கணக்கு முழுவதும் தடுமாறும். சீர்திருத்தத்தின் கருவியாக வேண்டியவர் எவரோ, அவரே சீர்திருத்தத்தால் இழப்பவர். பரிந்துரைகள் உறங்குவதற்கு இதனினும் உறுதியான காரணம் பிறிதில்லை.

மூன்றாவது, இழப்பவரின் செல்வாக்கு. 1859ஆம் ஆண்டில் அதிகாரம் இழந்த தாசில்தார் மேலிடத்து ஆணைக்குக் கட்டுப்பட்டவர். 1973ஆம் ஆண்டின் மணியக்காரரும் கணக்கரும் வாக்குரிமை உடைய நாட்டில், ஒவ்வோர் ஊரிலும் சொல்லுக்கு மதிப்புடைய குடும்பத்தார். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் ஊருக்குச் சென்றால் முதலில் காண்பவருள் அவரும் ஒருவர். நன்மை பெறுவோர் எண்ணற்றவர், ஆயின் சிதறியவர், நன்மை பின்னர் வரும் என்பதால் முன்னர்ப் பேசாதவர். இழப்பவர் எண்ணிக்கையிற் குறைந்தவர். ஆயின் ஒருங்கு கூடியவர். இழப்பு நாளை வரும் என்பதால் இன்றே பேசுபவர்.

இம்மூன்று தடைகளையும் 1980ஆம் ஆண்டு ஆட்சி எங்ஙனம் கடந்தது என்பது வரலாற்று மாணவர் கருத்தூன்றிக் காணத்தக்கது. அவ்வாண்டு சூன் திங்களில் எம். ஜி. இராமச்சந்திரன் தேர்தலில் வென்று மீண்டும் முதலமைச்சரானார். ஐந்து திங்கள் கழித்து, நவம்பர் 13ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்று பிறப்பிக்கப்பட்டது. 14ஆம் நாள் பகுதி நேரக் கிராம அலுவலர் பதவிகள் மாநிலம் முழுவதும் ஒழிந்தன. அடுத்த திங்களிலேயே கிராம நிருவாக அலுவலர் பணிவிதிகள் வெளிவந்தன. அவசரச் சட்டம் 1981ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாயிற்று. முன்னறிவிப்புத் தராமையால் இரண்டாவது தடை கடக்கப்பட்டது: கணக்கை முடக்குதற்கு இடைக்காலம் இல்லை. மூன்றாவது தடைக்கு விடை, அடுத்த தேர்தல் நெடுந்தொலைவில் இருந்தமை. முதல் தடையாகிய செலவை, ஆட்சி தானே விரும்பி ஏற்றது. ஏழாண்டுகளுக்கு முன்னும் பரிந்துரையின் பொருள் இதுவே. மாறியது காலமும் துணிவும் மட்டுமே.

பதவி இழந்தோர் நீதிமன்றம் சென்றனர். பதவியினின்று நீக்குதற்கு முன் காரணம் கேட்டல் வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 311ஆம் உறுப்பு மீறப்பட்டது என்பது அவர் வாதங்களுள் தலையாயது. 1982ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. ஒருவரைத் தண்டித்து நீக்குதல் வேறு, நிருவாகத் தேவைக்காக நன்னோக்கத்துடன் ஒரு பதவியையே ஒழித்தல் வேறு என அது பகுத்துக் காட்டிற்று. இங்கே குழுவின் பழைய அறிக்கை எதிர்பாராத பயன் ஒன்றைத் தந்தது. பதவி ஒழிப்பு அரசியற் பகையால் விளைந்ததன்று, ஆராய்ந்து கூறப்பட்ட பரிந்துரையின் வழியது என்பதற்கு அது சான்றாயிற்று. ஏழாண்டுகள் செயலற்றுக் கிடந்த ஏடு, வழக்கு வந்தபோது அரசுக்குக் கேடயமாயிற்று. ஆதலின் நிறைவேறாத அறிக்கையைப் பயனற்றதென உடனே ஒதுக்குதல் கூடாது. தக்க காலம் வரும் வரை அது காத்திருத்தலும் உண்டு.

இவ்வாறன்றி இழப்பில்லாத சீர்திருத்தம் என ஒன்றில்லை. பழைய கணக்கருடன் ஊரின் நினைவும் அலுவலகத்தை விட்டு நீங்கிற்று. வீராணத்தின் எந்த மதகு எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் திறக்கப்படும் என்பதைப் பரம்பரையாக அறிந்தவர்க்கு மாற்றாக, வேற்றூரில் பிறந்து, சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்லும் அலுவலர் வந்தார். அவர் ஊரிலேயே தங்குவதில்லை என்னும் குறை இன்றும் உழவரிடையே கேட்கப்படுகின்றது. ஆனால் வேற்றூரார் என்பதாலேயே அவர் எவர்க்கும் பங்காளியல்லர். வெளிப்படையான தேர்வின் வழியே, எக்குலத்தாரும் எக்குடும்பத்தாரும் அப்பதவிக்கு வரலாம். ஒரு காலத்தில் சாவடியின் வெளியே நிறுத்தப்பட்ட குடியின் மகளும் இன்று அதே ஊரின் அடங்கலை எழுதும் உரிமையுடையவள். இந்நன்மையை அக்குறையோடு வைத்து எண்ணுதல் வேண்டும்.

தமிழ்நாட்டின் இவ்வொரு சான்று தனித்தன்று என்பதற்கு நடுவணரசின் வரலாற்றைச் சிறிது சுட்டலாம். 1966ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் அமைக்கப்பட்ட முதலாவது நிருவாகச் சீர்திருத்த ஆணையம் மொரார்சி தேசாயின் தலைமையில் தொடங்கி, அனுமந்தையாவின் தலைமையில் முடிந்தது. அது 20 அறிக்கைகளில் 537 பரிந்துரைகளை அளித்தது. அவற்றுள் முதன்மையானது, அமைச்சர்கள் மீதும் உயர் அலுவலர்கள் மீதும் எழும் முறையீடுகளை ஆராயும் லோக்பால் என்னும் அமைப்பு. அது 1966ஆம் ஆண்டிலேயே முன்வைக்கப்பட்டது. சட்டமானது 2013ஆம் ஆண்டு. முதல் லோக்பால் அமர்த்தப்பட்டது 2019ஆம் ஆண்டு. ஊர்க் கணக்கர் பற்றிய பரிந்துரை ஏழாண்டு காத்திருக்க, இது ஐம்பதாண்டுக்கு மேல் காத்திருந்ததன் காரணம் ஆராய்ச்சி வேண்டாதே விளங்கும். கணக்கரை நீக்குதற்கு அவருக்கு மேலே ஓர் அரசு இருந்தது. அமைச்சரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றவேண்டியவரோ அமைச்சரே.

ஆதலின் நிறைவேறிய பரிந்துரைகள் இத்துணை விழுக்காடு என எண்ணிக்கையால் அளத்தல் ஏமாற்றம் தருவது. படிவத்தின் பத்தியை மாற்றும் பரிந்துரையும் ஒன்று. பதவிவகுப்பையே மாற்றும் பரிந்துரையும் ஒன்று. முன்னதை நூறு நிறைவேற்றிப் பின்னதை ஒன்று நிறுத்தினும், எண்ணிக்கை பெரிதாகவே தோன்றும். அறிக்கையின் மீது அரசு எடுத்த நடவடிக்கையைப் படிப்போர் அதன் சொற்களை உற்று நோக்குதல் நன்று. 'கொள்கையளவில் ஏற்கப்பட்டது' என்றால் நாள் குறிக்கப்படவில்லை என்பது பொருள். 'ஆய்வில் உள்ளது' என்றால் இழப்பவரின் குரல் எட்டிவிட்டது என்பது பொருள். 'பிற துறைகளின் கருத்துக்கு அனுப்பப்பட்டது' என்றால் மறுப்பதற்கு உரியவரிடமே அனுமதி கேட்கப்பட்டது என்பது பொருள். செலவுக்கு ஒதுக்கீடும் சட்ட வரைவும் நாளும் கூறப்பட்டிருந்தால் மட்டுமே அப்பரிந்துரை ஏட்டைவிட்டு எழுந்ததெனக் கொள்ளலாம்.

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது இது. பரிந்துரைகள் நிறைவேறாமைக்கு அரசின் சோம்பலையோ குழுவின் அறியாமையையோ காரணமாகக் கூறுதல் மேலோட்டமானது. எந்தப் பரிந்துரை அதனை நிறைவேற்ற வேண்டியவரின் கையிலிருந்தே ஒன்றைப் பறிக்கின்றதோ, அது காத்திருக்கும். அவருக்கு மேலே வலியுடைய ஒருவர், தமக்கும் அது தேவையென உணரும் நாள் வரை காத்திருக்கும். 1859ஆம் ஆண்டில் அந்நாள் விரைவில் வந்தது. 1980ஆம் ஆண்டில் தாழ்த்து வந்தது. லோக்பால் வரலாற்றில் மிகத் தாழ்த்து வந்தது. ஆகவே குழுவாக அமர்வோர், இன்னது செய்தல் வேண்டும் என எழுதுவதோடு அமைதல் போதாது. இதனால் இழப்பவர் யார், அவர் கையிலுள்ள ஏட்டை எந்நாள் எவர் பெற்றுக்கொள்வது, அதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்பனவற்றையும் எழுதுதல் வேண்டும். 1855ஆம் ஆண்டுக் குழு காவலைப் பிரிக்கக் கூறியபோது, ஊர்ச் சாவடி வரை வந்து இக்கேள்விகளைக் கேட்டிருக்குமாயின், வீராணத்து உழவர் தம் அடங்கலுக்காக மேலும் 125 ஆண்டுகள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க நேர்ந்திராது.